"மாலை" என்று எழுதினால் எத்தனை மணி?

போன மாதம் ஒரு மதியம், இரண்டாம் ஆண்டு கணிதம் படிக்கும் மாணவி ஒருத்தி துறை அறைக்கு வந்து, நான்காக மடித்த ஒரு தாளை என் மேசைமேல் வைத்தாள். முதல்வருக்கு அவள் எழுதிய கடிதம். வளாகத்தில் மாலை நேர இசை நிகழ்ச்சி நடத்த அனுமதி கேட்டிருந்தாள். மூலையில் பச்சை மையில் "பின்னர் பார்க்கலாம்" என்று எழுதித் திரும்பி வந்திருந்தது.

"பாட்டுன்னாலே சாருக்குப் பிடிக்காது மேம்" என்றாள்.

கடிதத்தைப் படித்தேன். "வரும் வெள்ளிக்கிழமை மாலை நமது கல்லூரி வளாகத்தில் மாணவர்கள் சார்பில் இசை நிகழ்ச்சி நடத்த அனுமதி வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." அவ்வளவுதான். மற்ற வரிகள் எல்லாம் இசை மனத்துக்கு எவ்வளவு நல்லது என்பதைப் பற்றி. "தாழ்மையுடன்" மட்டும் நான்கு இடத்தில் இருந்தது.

இந்தக் கடிதத்துக்கு நான் முதல்வராக இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். எனக்குப் பாட்டு உயிர். ஆனால் நான் படித்த காலத்தில் இப்படி ஒரு நிகழ்ச்சி நடந்தது. ஏழு மணிக்கு முடியும் என்றார்கள். ஒலிபெருக்கி வந்து சேரவே ஆறு ஆகிவிட்டது, முடிந்தபோது ஒன்பது. பேருந்து நிலையம் போனால் கிராமத்து வண்டிகள் எல்லாம் போய்விட்டன. பதினோரு பெண்கள் கடைசி நடைமேடையில் நின்றோம். ஒரு பேராசிரியர் தன் கைக்காசில் வேன் பிடித்து ஒவ்வொருவரையும் வீட்டு வாசலில் விட்டார். என் வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. அப்பா ஒன்றும் பேசவில்லை, திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். அதன்பின் ஏழு ஆண்டுகள் அந்தக் கல்லூரியில் மாலை நிகழ்ச்சியே கிடையாது. பாட்டுக்கு யாரும் தடை போடவில்லை. அந்த நடைமேடை யாருக்கும் மறக்கவில்லை.

அதனால் என் கருத்து இதுதான். அனுமதிக் கடிதத்தில் முதல்வர் தேடுவது நிகழ்ச்சி எப்போது தொடங்கும் என்பதை அல்ல, எப்போது முடியும், முடிந்தபின் யார் எப்படி வீடு போவார்கள் என்பதைத்தான். தருமபுரி போன்ற ஊரில் இது இன்னும் முக்கியம். எங்கள் பிள்ளைகள் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். ஒரு வண்டியை விட்டால் அடுத்த வண்டி மறுநாள் காலையில்தான்.

அவளை உட்காரவைத்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தேன். "உங்க ஊருக்குக் கடைசி வண்டி எப்போ?" என்று கேட்டேன். நிலையத்திலிருந்து எட்டு மணிக்கு என்றாள். சரி, அங்கிருந்து பின்னோக்கி வருவோம் என்று கணக்குப் போட்டோம். கல்லூரி வாசலிலிருந்து நிலையத்துக்கு டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம். அந்தப் பஸ் வர இன்னொரு இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். அப்படியானால் 7.20க்கு எல்லாரும் நிறுத்தத்தில் நிற்க வேண்டும். நூற்று நாற்பது பேர் எழுந்து, பையைத் தேடி, தோழியைத் தேடி, வாசலைத் தாண்ட அரை மணி நேரமாவது ஆகும். ஆக, கடைசிப் பாட்டு 6.45க்கு முடிய வேண்டும். பிப்ரவரியில் இங்கே 6.20 வாக்கில் சூரியன் மறைந்துவிடும். இருட்டில் நடப்பது அரை மணி நேர நிகழ்ச்சிதான்.

வெள்ளிக்கிழமையையும் மாற்றச் சொன்னேன். அன்று விடுதிப் பிள்ளைகள் பையோடு ஊருக்குக் கிளம்புவார்கள், பேருந்தில் கால் வைக்க இடமிருக்காது. வியாழக்கிழமை என்று முடிவானது.

பிறகு அவளுக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னேன். பிற்படுத்தப்பட்டோர் நலத் துறை விடுதியும் ஆதிதிராவிடர் நலத் துறை விடுதியும் கல்லூரிக்குக் கீழே வருபவை அல்ல. அந்தந்தத் துறைதான் நடத்துகிறது. விடுதி வாசலை ஒரு மணி நேரம் தள்ளி மூடும்படி எங்கள் முதல்வர் உத்தரவு போட முடியாது. விடுதிக் காப்பாளருக்குத் தனியாக ஒரு கடிதம், யார் யார் வருகிறார்கள் என்ற பெயர்ப் பட்டியலோடு போக வேண்டும். இது தெரியாமல் "விடுதி மாணவிகளும் கலந்துகொள்வார்கள்" என்று ஒரே வரியில் எழுதினால், முதல்வர் அந்த வரியிலேயே நின்றுவிடுவார்.

ஒலிபெருக்கி விஷயத்திலும் இப்படித்தான். இரவு பத்து மணிக்கு முன்னால் என்றால் யாரையும் கேட்க வேண்டாம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, ஒலிபெருக்கி வைக்கவே எழுத்து மூலம் அனுமதி வேண்டும். பத்து மணி என்பது அதற்கு மேல் திறந்தவெளியில் கூடாது என்ற எல்லை. எங்கள் ஊரில் அந்த அனுமதிக்குக் காவல்துறையிடம்தான் போக வேண்டும். அந்த விண்ணப்பம் கல்லூரி முத்திரையோடு போவதற்கு நாள் பிடிக்கும். மூன்று நாள் முன்னால் கடிதம் கொடுத்தால் முதல்வர் நினைத்தாலும் முடியாது. குறைந்தது பத்து நாள் வேண்டும்.

அவள் மறுபடி எழுதிய கடிதத்தின் நடுப்பகுதி இது. அவளிடம் கேட்டுத்தான் போடுகிறேன்.

"பொருள்: வியாழன் மாலை 4.30 முதல் 6.45 வரை உள்மைதானத்தில் மாணவர் இசை நிகழ்ச்சி – அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா, நம் மாணவ மாணவியர் பதினெட்டுப் பேர் பாடவும் வாசிக்கவும் உள்ளனர். வெளியிலிருந்து வருபவர்கள் பம்பைக் கலைஞர்கள் இருவர், ஒலிபெருக்கிக்காரர் ஒருவர் மட்டுமே. மூவர் பெயரும் வண்டி எண்ணும் இணைப்பில் உள்ளன. இரண்டு ஒலிபெருக்கிகள் மட்டும் வைக்கப்படும். அவை குடியிருப்புப் பக்கம் திரும்பாமல் நூலகச் சுவரை நோக்கி இருக்கும். பேருந்தில் செல்லும் மாணவிகள் அறுபத்திரண்டு பேரின் ஊரும் வண்டி நேரமும் இணைப்பில் உள்ளன. 6.45க்கு ஒலிபெருக்கி நிறுத்தப்படும். பாட்டு பாதியில் இருந்தாலும் நிறுத்தப்படும். மாணவிகள் வண்டி ஏறும் வரை பேராசிரியர் இருவர் நிறுத்தத்தில் இருக்க ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுள்ளனர்."

"தாழ்மையுடன்" ஒரே ஒரு இடத்தில் வந்தது. வகுப்பாசிரியர், துறைத் தலைவர் வழியாகக் கடிதம் மேலே போனது.

"பாட்டு பாதியில் இருந்தாலும்" என்பது அவளே சேர்த்த வரி. அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

முதல்வர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். "பின்னர் பார்க்கலாம்" என்பது பதில் ஆகாது. "விடுதிக்கு யார் சொல்வது?" என்று அதே மூலையில் ஒரு கேள்வி எழுதியிருந்தால், அந்தப் பெண் அன்றைக்கே காப்பாளரைத் தேடிப் போயிருப்பாள். காரணம் எழுதாமல் திருப்பினால், "சாருக்குப் பாட்டு பிடிக்காது" என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். பதினெட்டு வயதில் ஒருத்தி அலுவலக வாசலில் கடிதத்தோடு நிற்பதே பெரிய காரியம். அப்பா கூலி வேலைக்குப் போகும் வீட்டிலிருந்து வந்தவள், எந்த அலுவலகத்துக்கும் இதுவரை ஒரு தாள்கூட எழுதிக் கொடுத்திராதவள். அவளுக்கு முதல் கடிதத்தில் கிடைக்கும் பதில் இப்படியா இருக்க வேண்டும்?

இரண்டாவது கடிதம் இரண்டே நாளில் திரும்பி வந்தது. பச்சை மையில் 6.45ஐ வட்டமிட்டு "கண்டிப்பாக" என்று எழுதி, கீழே கையெழுத்து.

நிகழ்ச்சியன்று அப்படியே நடந்தது. பம்பை உச்சத்தில் இருந்தபோது மணி 6.45. அவளே ஓடிப்போய் ஒலிபெருக்கியை நிறுத்தினாள். பம்பைக்காரர் நிறுத்தவில்லை. ஒலிபெருக்கி இல்லாமலேயே வாசித்துக்கொண்டு கூட்டத்தோடு வாசல்வரை நடந்து வந்தார். முதல்வர் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். 7.15க்கு நிறுத்தத்தில் அறுபத்திரண்டு பேரையும் எண்ணி முடித்தோம்.