இழுப்பதில் இல்லை, விடுவதில் இருக்கிறது

"இன்டர்வியூ வாசல்ல படபடப்பு வந்தா வேகவேகமா ஆழமா மூச்சை இழுங்க. 'நான் அமைதியா இருக்கேன்'னு சொல்லிக்கிட்டா போதும்."

இப்படி யோசனை சொன்ன அண்ணே, பாதிதான் சரி. வேகமாக இழுத்து விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். அதையும் பயம் என்றே நினைப்போம். 4 எண்ணி மூக்கால் இழுத்து, 6 எண்ணி மெதுவாக விடுங்கள். விடும்போதுதான் இதயத்துடிப்பு தணியும். கடலூரிலிருந்து பாண்டிக்கு வரும் பஸ்ஸிலேயே செய்யலாம், பக்கத்து சீட்டுக்குக்கூடத் தெரியாது.

அப்புறம், ஹார்வர்டு ஆய்வாளர் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட சோதனையில், பேசுவதற்கு முன் 'உற்சாகமாக இருக்கிறேன்' என்றவர்களே 'அமைதியாக இருக்கிறேன்' என்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். உற்சாகத்துக்கும் இதே துடிப்புதானே. நேர்காணலுக்கும் அப்படியே பொருந்துமா என்பது தனிக் கேள்வி.

இங்கே கருத்து எழுதிய ஒரு தம்பி, இன்டர்வியூ பதில்களை மனசுக்குள் ஒத்திகை பார்த்தாராம். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள் தம்பி, திக்கும் இடம் அப்போதுதான் தெரியும்.