பில்லு போட்டாச்சு, சரக்குதான் வரல

சங்ககிரியில் ஒரு லாரி செட்டில் கணக்குப் பார்க்கிறேன். டிரைவர்கள் வந்து டிரிப் ஷீட்டை மேஜையில் வைக்கும்போது டீசல், டோல், படி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கும். லோடு ஏற்றும் இடத்தில் அவர்கள் காத்துக் கிடந்த நேரத்துக்கு மட்டும் கட்டம் கிடையாது. சரக்கு தயாராகவில்லை என்றால் அந்த நஷ்டத்தை மில் சுமக்க வேண்டும், இல்லையென்றால் வாங்குகிறவர் சுமக்க வேண்டும். இப்போது அதைச் சுமப்பது டிரைவரின் தூக்கம். இதை வெறும் கருத்தாகச் சொன்னால் யார் காதிலும் ஏறுவதில்லை, அதனால் கதையாக எழுதுகிறேன். செல்வராசு என்பது கதைக்காக வைத்த பெயர். பல டிரைவர்கள் சொன்னதைச் சேர்த்து ஒரே ராத்திரியாகக் கட்டியிருக்கிறேன்.

மார்ச் 31. செல்வராசு அண்ணன் மாதவரத்தில் லோடு இறக்கிவிட்டு, பத்துச் சக்கர வண்டியைக் காலியாக ஓட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு வருகிறார். கட்டுமானக் கம்பி லோடு, வேலூரில் ஒரு கடைக்கு. 12 எம்எம் பத்து டன், 16 எம்எம் எட்டு டன். நல்லூர் டோலைத் தாண்டும்போது மணி 3.12. ஃபாஸ்டேக் எஸ்எம்எஸ் சங்ககிரியில் முதலாளி போனுக்குப் போய்விட்டது. நாலு மணிக்கு மில் கேட். வெளியே ரோட்டோரம் ஏற்கெனவே பதினோரு வண்டி. செக்யூரிட்டி ஒரு துண்டுச் சீட்டில் 12 என்று எழுதிக் கொடுத்தார். அதில் தேதியும் இல்லை, மணியும் இல்லை.

ஏழு மணிக்கு டெஸ்பாட்ச் பையன் வெளியே வந்தான். "அண்ணே, உங்க வண்டிக்குப் பில்லு போட்டாச்சு. ஈவே பில்லும் ஜெனரேட் ஆயிடுச்சு. சரக்குதான் வரல." ஈவே பில் என்பது சரக்கோடு ரோட்டில் போக வேண்டிய, ஆன்லைனில் எடுக்கும் ஜிஎஸ்டி சீட்டு.

"பில்லு ரெடின்னா சரக்கு எங்கீங்க தம்பி?"

"பதினாறு எம்எம் இன்னும் ஓட்டலண்ணே. இன்னிக்கு மாசக் கடைசி, வருசக் கடைசி. பில்லு இன்னிக்குத் தேதியில போயாகணும்."

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு மில் சோம்பேறித்தனமாகத் தாமதம் செய்வதுபோல் தெரியும். அப்படி இல்லை. ரோலிங் மில்லில் ஒரு நேரத்தில் ஒரு சைஸ்தான் ஓடும். 12 எம்எம் ஓடி முடிந்த பிறகு ரோலை மாற்ற வேண்டும், மாற்றிய பிறகு முதலில் வரும் கம்பியை அளந்து சரிபார்க்க வேண்டும். இதற்கே சில மணி நேரம் போய்விடும். இன்னொரு காரணம் கரண்ட். தமிழ்நாட்டில் உயர் அழுத்த இணைப்பு வைத்திருக்கும் ஆலைகளுக்குக் காலையிலும் மாலையிலும் உச்ச நேரம் உண்டு. அந்த நேரத்தில் இழுக்கும் மின்சாரத்துக்கு 25 சதவீதம் கூடுதல் கட்டணம். ராத்திரி பத்துக்கு மேல் சின்னத் தள்ளுபடி. இரும்பை உருக்கி உருட்டும் தொழிலில் கரண்ட் பில்தான் உயிரையே எடுக்கும் செலவு. அதனால் மாலையில் மில்லை நிறுத்திவைத்து, பத்து மணிக்கு மேல் ஓட்டுவதில் மில் முதலாளி பக்கம் முழு நியாயம் இருக்கிறது. என் கோபம் அந்தக் கணக்கின்மேல் இல்லை. மில் பத்து மணிக்கு மேல்தான் ஓடும் என்று மில்லில் இருப்பவர்களுக்கு நேற்றே தெரியும். அப்படியிருக்க வண்டியை ஏன் நாலு மணிக்கு வரச் சொன்னார்கள்? வண்டி நம்பர் இல்லாமல் ஈவே பில்லை முழுதாகப் போட முடியாது, அதுதான் காரணம். அவர்களுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது லாரி அல்ல, லாரியின் நம்பர்.

அந்த ஈவே பில்லில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது கணக்கு. வேலூர் அதற்குள் அடங்கிவிடும், ஆக ஒரே நாள்தான் செல்லும். வண்டி நம்பரைச் சேர்த்த நிமிடத்தில் கடிகாரம் ஓடத் தொடங்கி, மறுநாள் நள்ளிரவில் முடியும். அதாவது 31-ம் தேதி மாலை ஏழு மணிக்குப் போட்ட பில், ஏப்ரல் 1 நள்ளிரவோடு செத்துவிடும். 16 எம்எம் கம்பி அப்போது இன்னும் துண்டு இரும்பாகக் கிடக்கிறது, அதன் பில்லுக்கோ வயசு ஏறிக்கொண்டிருக்கிறது.

எட்டரை மணிக்கு அண்ணன் வண்டி ஓரத்தில் அடுப்பைப் பற்றவைத்துச் சோறு வடித்தார், மதியம் வாங்கிய மீன்குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டார். கழிவறை கேட்டுக்கு உள்ளே இருக்கிறது, டோக்கன் கூப்பிடாமல் உள்ளே விடமாட்டார்கள். கேபினில் ஏறிப் படுத்தால் புழுக்கம். இப்போது புதிதாகத் தயாராகும் லாரிகளில் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று சட்டம் வந்திருக்கிறது, நல்ல சட்டம். இவர் வண்டி பழசு. புது வண்டியாகவே இருந்தாலும் ஏசி ஓட வேண்டுமென்றால் பெரும்பாலும் இன்ஜின் ஓட வேண்டும். ராத்திரி முழுக்க இன்ஜினை ஓட்டி டீசலை எரிக்க எந்த முதலாளி ஒத்துக்கொள்வார்? கண்ணாடியை இறக்கினால் கொசு, ஏற்றினால் வேர்வை.

அதைவிடக் கொடுமை, நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. நம்பர் கூப்பிடும்போது வண்டி நகரவில்லை என்றால் பின்னால் நிற்பவன் முந்திவிடுவான். முன்வண்டி ஒரு வண்டி நீளம் நகரும்போதெல்லாம் எழுந்து, ஸ்டார்ட் பண்ணி, நகர்த்தி, ஆஃப் பண்ண வேண்டும். பதினொன்றேகாலுக்கு கேட் திறந்தது. அப்போதுதான் ரெஜிஸ்டரில் எழுதினார்கள்: உள்ளே வந்த நேரம் 11.15. நாலு மணியிலிருந்து ஏழேகால் மணி நேரம் அந்த ஒரு வரியில் காணாமல் போய்விட்டது. எடை மேடையில் காலி எடை 9 டன் 840 கிலோ. பத்துக் கிலோ பிசகினால்கூடத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். நேரத்தில் ஏழு மணி நேரம் பிசகினால் கேட்க ஆளில்லை.

உள்ளே ரோல் மாற்றி முடிய ஒன்றரை. மூன்று மணிக்கு முதல் கம்பி. ஒரு 16 எம்எம் கம்பி பன்னிரண்டு மீட்டர், ஏறத்தாழ 19 கிலோ. எட்டு டன்னுக்கு நானூறு கம்பிக்கு மேல் வேண்டும். ஆறவைத்து, வெட்டி, கட்டாகக் கட்டி, பத்துச் சக்கர வண்டியின் பாடிக்குள் அடங்குவதற்காக நடுவில் வளைத்து மடக்க வேண்டும். மில்லில் மாசக் கடைசி என்பதால் கிரேன் ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்குத் தாவிக்கொண்டே இருந்தது. ஆறு மணிக்கு ஷிப்ட் மாறியது. கிரேன் ஆள் இறங்கிப் போனான், அடுத்தவன் வந்து டீ குடித்து ஏற ஏழரை. செல்வராசு வண்டியில் கடைசிக் கட்டு விழுந்தபோது பதினொன்று. சங்கிலி போட்டு இறுக்கி, நிறை எடை போட்டு, கேட் பாஸ் வாங்கி வெளியே வர மதியம் பன்னிரண்டு.

இருபது மணி நேரம். இதில் அவருக்கு எவ்வளவு என்று கேட்கிறீர்களா? ஒன்றுமில்லை. படி என்பது டிரிப்புக்கு. லோடு இரண்டு மணி நேரத்தில் ஏறினாலும் இருபது மணி நேரத்தில் ஏறினாலும் அதே படி. முதலாளியாவது ஹால்ட்டிங், அதாவது வண்டி காத்து நின்றதற்கான கூலி, கேட்கலாமே என்றால், எங்கள் பக்கத்து வழக்கப்படி முதல் 24 மணி நேரம் ஹால்ட்டிங்கில் சேராது. ரெஜிஸ்டர் கணக்குப்படி பார்த்தால் இவர் காத்திருந்ததே பதிமூன்று மணி நேரம்கூட இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-ல் வந்தது. நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று அதில் வேலை நேரம் வைத்தார்கள். வேலை நேரம் என்றால் என்ன என்ற விளக்கத்தில், முனையத்தில் சும்மா காத்திருக்கும் நேரமும் சேரும் என்கிறது, ஆனால் அது பதினைந்து நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால். பஸ் ஸ்டாண்டில் அடுத்த டிரிப்புக்கு நிற்கும் டிரைவரை மனதில் வைத்து எழுதியது போலிருக்கிறது. பதினைந்து நிமிடத்தைத் தாண்டிவிட்டால் அது ஓய்வு என்று எடுத்துக்கொள்ளவும் அதில் இடம் இருக்கிறது. கொசுக்கடியில் ஒரு கண்ணை கேட்டின்மேல் வைத்துப் படுத்திருப்பது ஓய்வா? அதுவும் ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் இடங்களுக்கு அந்தச் சட்டம் பொதுவாகப் பொருந்தாது. எங்கள் ஊரில் ஒரு வண்டி, இரண்டு வண்டி முதலாளிகள்தான் தெருவுக்குத் தெரு. இப்போது அந்தச் சட்டமே 2020-ன் தொழில் பாதுகாப்புத் தொகுப்புக்குள் சேர்ந்துவிட்டது.

கதைக்கு வருகிறேன். 27 டன் 840 கிலோ நிறை எடையோடு, முந்தின நாள் விடியற்காலையிலிருந்து சரியாகக் கண்ணயராத ஒரு மனிதர், மதிய வெயிலில் வெளிவட்டச் சாலை ஏறுகிறார். நசரத்பேட்டையில் பெங்களூரு ரோட்டைப் பிடிக்கிறார். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் கண் செருகியது. ஒரு விநாடிதான், வண்டி வெள்ளைக் கோட்டைத் தாண்டி மீடியன் பக்கம் போய்விட்டது. பக்கத்தில் வந்த வேன்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். அண்ணன் வண்டியை ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுப் படுத்தார். எழுந்தபோது ஆறு மணி. கடைக்காரர் போனில் கத்திக்கொண்டிருந்தார். "நேத்துத் தேதி பில்லு, இன்னிக்கு ராத்திரி வந்து நிப்பீங்களா? ஆளுங்க போயிருவாங்க."

வேலூர் சேர ஒன்பதாகிவிட்டது. இறக்குகிற ஆட்கள் போய்விட்டார்கள். நள்ளிரவில் பில் காலாவதி. முதலாளி ராத்திரி பதினொன்றுக்கு உட்கார்ந்து நீட்டித்தார். காலாவதிக்கு எட்டு மணி நேரம் முன்னும் பின்னும் நீட்டிக்க வழி இருக்கிறது. காரணம் கேட்கும் பட்டியலில் இயற்கைச் சீற்றம் உண்டு, சட்டம் ஒழுங்கு உண்டு, வேறு வண்டிக்குச் சரக்கு மாற்றியது உண்டு, விபத்து உண்டு. மில்லில் சரக்கே தயாராகவில்லை என்பது இல்லை. "மற்றவை"யைத் தொட்டார்.

செல்வராசு செய்த தவறு என்று இதில் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த வேன் மேல் இடித்திருந்தால், மறுநாள் பேப்பரில் "டிரைவர் தூங்கியதால் விபத்து" என்றுதான் போட்டிருப்பார்கள்.

நான் கேட்பது பெரிய சட்டத் திருத்தம் அல்ல. வண்டி வரிசையில் வந்து சேர்ந்த நேரத்தை டோக்கன் சீட்டில் எழுதி, செக்யூரிட்டி கையெழுத்துப் போட வேண்டும். ஹால்ட்டிங் அந்த நேரத்திலிருந்து ஓட வேண்டும், கேட்டுக்குள் நுழைந்த நேரத்திலிருந்து அல்ல. வரும் ஹால்ட்டிங்கில் பாதி டிரைவருக்குப் போக வேண்டும். இதை எங்களைப் போன்ற செட்டுக்காரர்களே ஒத்துக்கொள்ளத் தயங்குகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

டிரைவர் அண்ணன்மாருக்கு: டோல் எஸ்எம்எஸ்ஸை அழிக்க வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லுங்கள். வரிசையில் நின்றவுடன் மில் கேட்டும் உங்கள் வண்டி நம்பரும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து, அப்போதே செட்டு வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். எங்கள் செட்டில் புது எல்.ஆர்., அதாவது லாரி ரசீதுப் புத்தகம் அச்சுக்குப் போயிருக்கிறது. அதில் "வந்து சேர்ந்த நேரம்" என்று ஒரு கட்டமும், பக்கத்தில் சரக்கு அனுப்புகிறவர் கையெழுத்துக்கு ஒரு கோடும் போடச் சொல்லியிருக்கிறேன். கையெழுத்துப் போட மறுக்கும் மில்லுக்கு அடுத்த லோடு எடுப்பதா வேண்டாமா என்று செட்டில் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம். வேண்டாம் என்பது என் பக்கம்.