பேட் மாற்றும் முன், புண் எங்கே வருகிறது என்று பாருங்கள்

"இந்த பேட் எனக்கு ஒத்துக்கவே இல்லை, வேறு எது வாங்கலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த இடத்தில், பீரியட்ஸின் எத்தனையாவது நாளில் எரிகிறது என்பதைத்தான். அது தெரியாமல் பேட் மாற்றுவது வீண்செலவு என்பது என் உறுதியான கருத்து.

என் தோழி ஒருத்திக்கு மூன்றாம் நாள் வந்தாலே இரண்டு தொடையிடுக்கிலும் கோடு போட்டதுபோல் சிவந்து எரியும். நடுவில் ஒன்றும் இருக்காது. காட்டன் என்று போட்டிருந்த பேட் வாங்கினாள், எரிச்சல் குறையவில்லை. பல பேட்களில் தோலில் படும் மேல்பரப்பு மட்டுமே பருத்தி. உள்ளே மரக்கூழும் ஈரத்தை உறிஞ்சி ஜெல்லாக மாறும் பொடியும், அடியில் பிளாஸ்டிக் தாளும் இருக்கும். விங்ஸின் ஓரமும் அதே பிளாஸ்டிக்தான். அவளுக்குப் புண் வந்தது அந்த ஓரம் உரசிய இடத்தில். விங்ஸ் இல்லாத பேடை இறுக்கமான பருத்தி உள்ளாடையோடு வைத்து, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றியதும் சரியாகிவிட்டது.

நடுவில், பேட் படும் இடம் முழுக்க எரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஈரமும் வாசனையும். வாசனை சேர்த்த பேடை யாருக்குமே நான் சொல்லமாட்டேன். அடிக்கடி மாற்றியும், ஒவ்வொரு மாதமும் அதே பேடுக்கு அரிப்பும் சிறு கொப்புளங்களும் வந்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்ளலாம். போகும்போது அந்த பேட் ஒன்றையும் உறையையும் எடுத்துப் போங்கள்.

துணி பேட் பலருக்கு மென்மையாக இருக்கும், ஆனால் துவைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குளிர்ந்த நீரில் ரத்தம் போக அலசி, பிறகு சோப்பு போட்டு, நுரை துளியும் இல்லாதவரை அலச வேண்டும். துணியில் தங்கும் சோப்பே எரிச்சல் தரும். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவத்தில் முக்கினால் உறிஞ்சும் தன்மையும் குறையும். வெயிலில் மொறுமொறுவென்று காயாத துணியை மடித்து வைக்காதீர்கள்.

வெளித்தோல்தான் பிரச்சினை என்றால் உள்ளே வைக்கும் மென்ஸ்ட்ருவல் கப் நல்ல தீர்வு, உரசுவதற்கு வெளியே எதுவும் இல்லை. மருத்துவத் தர சிலிகான் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். சில கப்கள் இயற்கை ரப்பரில் வருகின்றன, லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. எடுக்கும்போது காம்பைப் பிடித்து இழுக்காமல் அடிப்பகுதியை அழுத்திக் காற்றுப்பிடியை விடுவியுங்கள். காப்பர் டி போட்டிருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே கப் பயன்படுத்த வேண்டும், காப்பர் டி இடம்பெயரும் வாய்ப்பு உண்டு.

அப்புறம், பீரியட்ஸ் முடிந்தும் அரிப்பு நீடித்து, தயிர்போல் வெள்ளை படுகிறதா? அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். எந்த பேடுக்கு மாறினாலும் போகாது, மருத்துவர் பார்த்துத் தரும் மருந்துதான் வேண்டும்.