பெரியம்மாவுக்குப் பரீட்சை வைக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் எடுத்த அந்தக் காணொளியை உங்களில் பலர் பார்த்துவிட்டீர்கள். அழுகிற முகத்துக்குக் கீழே அத்தனை இதயங்கள், அத்தனை ‘நெகிழ்ந்துபோனேன்’கள். அழுதவர் மறதிநோய் உள்ள என் பெரியம்மா. பழைய படம் ஒன்றைப் போட்டுக் காட்டி அதை எடுத்தவர் எங்கள் உறவினர். சொன்னதும் நீக்கிவிட்டார். ஆனால், “அத்தைக்குப் பழைய படம் பிடிக்கும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், நான் நல்லதுதானே செய்தேன்?” என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கான பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பிடிக்கும் என்றுதான் சொன்னேன். எந்தப் பழையது என்று அவர் கேட்கவே இல்லை.

முதலில் அவர் போட்டவை 1980களின் பாடல்கள். அவை போட்டவருடைய இளமைக் காலத்துப் பாடல்கள். பெரியம்மா பிறந்தது 1941-இல். 1985-இல் அவருக்கு வயது 44. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளின் பாட்டு அவர் காதில் விழுந்திருக்கும், மனதில் ஊறியிருக்காது. மறதிநோய் வந்தவர்களிடம் நேற்று நடந்தது முதலில் போய்விடுகிறது. பத்து வயதிலிருந்து இருபத்தைந்து, முப்பது வயது வரை சேர்ந்தவை பெரும்பாலும் நெடுநாள் தங்குகின்றன. எனவே பிறந்த ஆண்டோடு 10-ஐக் கூட்டுங்கள், பிறகு 25-ஐக் கூட்டுங்கள். பெரியம்மாவுக்கு அது 1951 முதல் 1966 வரை. ‘மிஸ்ஸியம்மா’ வந்த 1955-இல் அவருக்குப் பதினான்கு வயது. ஏ.எம். ராஜாவும் பி. லீலாவும் பாடிய “வாராயோ வெண்ணிலாவே” ஒலித்தால் அவருடைய விரல்கள் நாற்காலிக் கையில் தாளம் போடத் தொடங்கிவிடும். என் பெயரைத் தேடித் தவிக்கிறவர், பல்லவி முடிந்ததும் சரணத்தைத் தானாக எடுத்துக்கொள்வார். நெடுநாள் பழகிய இசையோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகள் சிலவற்றை அல்சைமர் நோய் தாமதமாகவே சிதைக்கிறது என்று மூளைப் படங்களை வைத்துச் செய்த ஆய்வு காட்டியிருக்கிறது. இதனால் நோய் குணமாகும் என்று நான் சொல்லவில்லை, குணமாகாது. அந்தக் கொஞ்ச நேரம் அவர் அவராக இருக்கிறார். எனக்கு அது போதும்.

ஆண்டுக் கணக்கு வாசல்வரைதான் கொண்டுபோகும். பெரியம்மா பாட்டை எப்படிக் கேட்டு வளர்ந்தார் என்று நான் சித்தியிடம் கேட்டேன். அக்கா தியேட்டருக்குப் போனதே அபூர்வம், எல்லாம் வானொலிதான் என்றார். அப்படியென்றால் அந்தப் பாட்டுக்கான காட்சி பெரியம்மாவின் நினைவில் கிடையாது. திரையில் அந்நிய முகங்கள் ஆடினால் அவர் “யார் இவர்கள்?” என்று திகைக்கிறார். திரையை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறார். இதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம், சித்தியிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ‘பாசமலர்’ படத்தின் “மலர்ந்தும் மலராத” பாட்டைப் பெரியம்மா அடிக்கடி முணுமுணுப்பார். பாட்டு பிடிக்கிறது, ஆகவே படமும் பிடிக்கும் என்று அந்த உறவினர் முழுப் படத்தையும் போட்டுவிட்டார், அதுவும் மாலை நேரத்தில். மறதிநோய் உள்ள பலருக்குக் குழப்பமும் பதற்றமும் கூடுகிற நேரம் அது. முழுப் படம் பார்க்க வேண்டுமானால் யார் யாருக்கு என்ன உறவு, முன்பு என்ன நடந்தது என்று மணிக்கணக்கில் மனதில் பிடித்து வைத்திருக்க வேண்டும். பெரியம்மாவால் பத்து நிமிடம்கூடப் பிடித்து வைக்க முடியாது. கதை நழுவிவிடும், உணர்ச்சி மட்டும் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தப் படத்தின் முடிவில் அண்ணனும் தங்கையும் இறந்துபோகிறார்கள். பெரியம்மா தன் தம்பியைப் பறிகொடுத்தவர். இது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், படம் போட்டவருக்கும் தெரியும்.

காணொளி அவர் அழுவதோடு முடிந்துவிட்டது. அதன் பிறகு நடந்ததை நான் சொல்கிறேன். படம் பார்த்ததையே பெரியம்மா மறந்துவிட்டார். துக்கத்தை மறக்கவில்லை. அல்சைமர் உள்ளவர்களிடம், எதனால் வருந்தினோம் என்பது அழிந்த பிறகும் வருத்தம் தங்கிவிடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. இரவு முழுவதும் “தம்பி எங்கே, இன்னும் வரவில்லையே” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்போது உறவினர் தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். இதயம் போட்டவர்களும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

“அழுதால் மனப்பாரம் குறையும்” என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒரு சோகப் பாட்டுக்குக் கண்ணீர் வந்து, அருகில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ள, அடுத்த பாட்டில் அது அடங்கினால் நானும் ஒப்புக்கொள்வேன். சோகப் பாட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏன் அழுகிறோம் என்று தெரியாதவருக்குப் பாரம் எங்கிருந்து குறையும்?

படம் காட்டியே ஆக வேண்டுமென்றால், முன்கதை தெரியாமலே சிரிக்கக்கூடிய துண்டை எடுங்கள். ‘காதலிக்க நேரமில்லை’யில் பாலையாவுக்கு நாகேஷ் கதை சொல்லும் இடம் ஒன்று போதும். ஒருவர் பயமுறுத்துகிறார், மற்றவர் நடுங்குகிறார், அவ்வளவுதான். பெரியம்மா ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிரிக்கிறார். திரும்பத் திரும்பப் போட்டால் சலிக்காதா என்கிறீர்கள். சலிப்பது உங்களுக்கு. இன்னொன்றும் உண்டு: தானாக அடுத்த காணொளிக்குத் தாவும் வசதியை அணைத்துவிடுங்கள். மெல்லிய பாட்டுக்கு நடுவே ஒரு விளம்பரம் அலறினால் அவர் பதறுகிறார், பிறகு எந்தப் பாட்டும் எடுபடுவதில்லை.

என்னை மிகவும் புண்படுத்தியது காணொளியில் அந்த உறவினர் கேட்கும் கேள்விகள்தான். “இது யார், சொல்லுங்கள் அத்தை. என்ன படம்? நான் யார், தெரிகிறதா?” என்று கைப்பேசியை முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு கேட்கிறார். மூளைக்கு வேலை கொடுத்தால் நினைவு திரும்பும் என்று வாதாட வருகிறவர்களே, போன பெயர் இப்படிக் கேட்டுத் திரும்புவதில்லை. தனக்குத் தெரியவில்லை என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரிகிறது. அந்த நேரத்தில் அவர் புடவைத் தலைப்பை முறுக்குகிறார், கதவைப் பார்க்கிறார், “வீட்டுக்குப் போகலாம்” என்கிறார். சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார். போதும், நிறுத்துங்கள் என்பதற்கு அவரிடம் உள்ள மொழி அதுதான். காணொளியில் மூன்றும் இருக்கின்றன. பார்த்த ஒருவருக்கும் தெரியவில்லை. கேட்பதற்குப் பதிலாக நீங்களே சொல்லுங்கள்: “சுசீலாவின் குரல் எவ்வளவு இனிமை!” சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். பேசத் தோன்றினால் அவரே பேசுவார். அப்போது ஆண்டைத் தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள்.

விழிப்புணர்வுக்காகப் பகிர்ந்ததாம். எதைப் பற்றிய விழிப்புணர்வு? தன் அழுகை ஊருக்குப் போவதற்குச் சம்மதம் சொல்ல முடியாத ஒருவரைப் படமெடுத்துப் போடலாம் என்பதைப் பற்றியா? அவர் பாடும்போது ஒருவரும் வரவில்லை. பாடுகிற நேரம் காலை. வருகிறவர்கள் மாலையில் வருகிறார்கள், அரை மணி நேரம் இருக்கிறார்கள், “என்னை அடையாளம் தெரியவில்லையே” என்று எங்களிடம் குறைபட்டுக்கொண்டு போகிறார்கள். உங்களை அடையாளம் காண்பது அவருடைய கடமை இல்லை. உங்களுக்கு அவரைத் தெரியுமல்லவா, பக்கத்தில் உட்காருங்கள்.

இனி வருகிறவர்கள் காலையில் வாருங்கள், கைப்பேசியை வெளி அறையில் வைத்துவிடுங்கள். பாட்டு நான் எடுத்து வைத்திருக்கிறேன். அவரோடு பள்ளியில் படித்தவர்கள், சேர்ந்து பாடியவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரியுமென்றால் எனக்குத் தனியாக எழுதுங்கள். இடையில் ஒரு பாட்டின் இரண்டு வரிகளை மட்டும் முணுமுணுக்கிறார். வானொலியில் கேட்டதா, வகுப்பில் கற்றதா என்று சித்திக்கும் தெரியவில்லை.