நோ காஸ்ட் இஎம்ஐ போர்டுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

செல்போன் கடை வாசலில் நாங்களும்தான் "நோ காஸ்ட் இஎம்ஐ, எக்ஸ்சேஞ்ச் போனஸ்" என்று போர்டு வைத்திருக்கிறோம். அதில் எழுதியிருப்பது பொய் இல்லை, ஆனால் பாதிதான். மீதியைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்கள் சொல்வதுதான் முறை.

முதலில் வட்டி. எந்த வங்கியும் சும்மா கடன் கொடுப்பதில்லை. நோ காஸ்ட் என்றால் அந்த வட்டித் தொகையை போன் கம்பெனியோ கடையோ தள்ளுபடியாக ஏற்றுக்கொள்கிறது என்று அர்த்தம். வட்டி இருக்கிறது, உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. ஜீரோ சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டியைக் கட்டணமாக மாற்றி வாடிக்கையாளர் தலையில் கட்டுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2013-ல் வங்கிகளுக்கு எழுதியது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். போன் விலை 24,000. கிரெடிட் கார்டில் ஆறு மாதம், மாதம் 4,000. வங்கி வட்டி வருடத்துக்கு 16 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரத்தில் கார்டைத் தேய்க்கும்போது சுமார் 1,081 ரூபாய் தள்ளுபடி போய், கடன் 22,919 ரூபாய்க்குத்தான் எழுதப்படும். அதற்கு ஆறு மாத வட்டி அதே 1,081. ஆக நீங்கள் திருப்பிக் கட்டுவது சரியாக 24,000. இதுவரை கணக்கு நேர்மையானதுதான்.

ஆனால் கிரெடிட் கார்டு வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. தள்ளுபடி வட்டிக்கு மட்டும்தான், இந்த வரிக்கு இல்லை. ஆறு மாதத்துக்கும் சேர்த்து 195 ரூபாய் ஆகும். பிராசஸிங் கட்டணம் 199 என்றால் அதற்கும் ஜிஎஸ்டி சேர்ந்து 235. "மாசம் நாலாயிரம்னுதானே சொன்னீங்க?" என்று முதல் மாத ஸ்டேட்மென்ட்டோடு வருகிறவர்கள் பார்ப்பது இதைத்தான். வட்டி முதல் மாதத்தில் அதிகமாகவும் போகப்போகக் குறைவாகவும் இருப்பதால், முதல் மாதம் 4,290 வரும், கடைசி மாதம் 4,010 வரும். மொத்தத்தில் கூடுதலாகப் போவது 430 ரூபாய். இது மட்டும்தான் செலவு என்றால் தாராளமாக எடுக்கலாம் என்பது எங்கள் கருத்து.

பெரிய செலவு வேறு இடத்தில் இருக்கிறது. அதே போனை யுபிஐயில் முழுப்பணம் கட்டி வாங்கினால் கடைக்காரர் 23,000-க்குத் தரத் தயாராக இருக்கலாம். அப்போது இஎம்ஐயில் போகும் கூடுதல் 430 இல்லை, 1,430. நீங்கள் கடன் வாங்கியது 23,000 என்று வைத்து இதை வட்டியாகப் பார்த்தால் வருடத்துக்கு 21 சதவீதம் பக்கம் வருகிறது. நகைக்கடன் இதைவிட மலிவு. அதனால் கடைக்குள் நுழைந்ததும் இஎம்ஐ எவ்வளவு என்று கேட்காதீர்கள். "இன்னைக்கு ரொக்கமா குடுத்தா கடைசி விலை என்ன?" என்று கேளுங்கள். நீங்கள் இஎம்ஐக்காரர் என்று முதலிலேயே தெரிந்துவிட்டால் அந்த விலை யார் வாயிலிருந்தும் வராது.

இன்னொரு இடத்திலும் பலர் சறுக்குகிறார்கள். முழுத்தொகைக்குத் தேய்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் வங்கி ஆப்பில் இஎம்ஐயாக மாற்றினால் நோ காஸ்ட் கிடைக்காது, வட்டி முழுசாக விழும். கடை இயந்திரத்திலேயே இஎம்ஐயைத் தேர்ந்தெடுத்து, ஐஎம்இஐ எண் ஏற்றி, அதன் பிறகுதான் கார்டின் பின் நம்பரைப் போட வேண்டும். வரும் சீட்டில் தள்ளுபடியா கேஷ்பேக்கா என்று பாருங்கள். கேஷ்பேக் என்றால் கடன் முழு 24,000-க்கு எழுதப்பட்டு மாதம் 4,189 போகும், அந்தக் கேஷ்பேக் தொகை சில மாதம் கழித்துத்தான் வரும். நடுவில் கடனை முடித்தால் அது வராமலும் போகலாம்.

கார்டு இல்லாதவர்களுக்கு ஃபைனான்ஸ். "12/4" என்று விற்பனைப் பையன் சொல்வது, பன்னிரண்டு தவணையில் நாலை இன்றே கட்ட வேண்டும் என்பதை. 24,000 போனுக்கு இன்று 8,000, பிறகு மாதம் 2,000 வீதம் எட்டு மாதம். ஆக இது பன்னிரண்டு மாதக் கடன் இல்லை, 16,000-க்கு எட்டு மாதக் கடன். கையெழுத்துக்கு முன் கடன் தொகை என்ற வரியை மட்டும் தேடிப் படியுங்கள். 16,000 இருக்க வேண்டிய இடத்தில் 17,500 இருந்தால், டிஸ்ப்ளே இன்ஷூரன்ஸோ ஃபைனான்ஸ் கம்பெனியின் கார்டு கட்டணமோ உள்ளே போயிருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, அதை வாங்கினால்தான் கடன் பாஸாகும் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தவணைத் தேதிக்கு முந்தின இரவே கணக்கில் பணம் இருக்கட்டும். காலையில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் தவணை திரும்பும், ஃபைனான்ஸ்காரரும் தண்டம் போடுவார், உங்கள் வங்கியும் போடும், சிபில் ஸ்கோரிலும் கீறல் விழும்.

எக்ஸ்சேஞ்சுக்கு வருவோம். "9,000 வரை" என்றால் அது கீறலே இல்லாத போனுக்கு. உங்கள் போனுக்கு 5,500 என்று மதிப்பு வந்து, அதன் மேல் 2,000 போனஸ் என்றால், அந்த 2,000 பெரும்பாலும் புது போனை விற்பதற்காகக் கம்பெனி தரும் காசு. பழைய போனின் மதிப்பு 5,500 மட்டும்தான். வெளியில் 6,500-க்குப் போகும் போன் என்றாலும் இங்கே 7,500 கிடைப்பதால் கொடுப்பது லாபம். ஆனால் இதை நம்புவதற்கு முன் எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் புது போன் என்ன விலை என்று கேட்டாக வேண்டும். அது 22,800 என்று வந்தால், 24,000-ல் கழித்துத் தரும் 7,500 உண்மையில் 6,300. வெளியில் விற்பதே மேல்.

மதிப்பு எதில் குறைகிறது? நாங்கள் முதலில் வெள்ளைத் திரை போட்டுப் பார்ப்போம். பச்சைக் கோடோ, கீபோர்டின் நிழலோ தெரிந்தால் பாதி விலை போய்விடும். பிறகு சார்ஜ் ஏறுகிறதா, மைக், கைரேகை. ஐபோனில் டிஸ்ப்ளே மாற்றியிருந்தால் செட்டிங்ஸே காட்டிக்கொடுத்துவிடும். *#06# போட்டு வரும் எண் பில்லோடு ஒத்துப்போகாவிட்டால் எடுக்கவே மாட்டோம். எங்கள் கையில் பழைய போன் சிக்கல் என்றால் பெரும்பாலும் ஒன்றுதான்: கூகுள் கணக்கை நீக்காமல் ரீகவரி வழியாக ரீசெட் அடித்துக் கொண்டுவருவார்கள், திறந்தால் பழைய பாஸ்வேர்டு கேட்கும், அது யாருக்கும் நினைவிருக்காது. வாட்ஸ்அப் பேக்கப், அப்புறம் கூகுள் கணக்கை நீக்குவது, அப்புறம் ரீசெட், இந்த வரிசையில் செய்யுங்கள். ஐபோனில் ஃபைண்ட் மை அணைத்திருக்க வேண்டும்.

பில்லில் புது போனின் முழு விலையும் ஐஎம்இஐயும் இருக்க வேண்டும், பழைய போனின் தொகை கீழே தனியாகக் கழிய வேண்டும். ஜிஎஸ்டி விதிப்படி எக்ஸ்சேஞ்ச் இல்லாத விலைக்குத்தான் வரி. "கழிச்சு 16,500-க்கே பில் போட்டுடறேன், உங்களுக்கும் நல்லது" என்று யாராவது சொன்னால், நாளைக்கு இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் போடும்போது அந்த 16,500-ஐத்தான் போனின் விலையாகக் காட்ட வேண்டியிருக்கும்.