தேதியை முன்னால் இழுத்தால் வேலை தானாகச் சுருங்காது

46 வேலை நாள் ஆகும் என்று, திட்டத்துக்குப் பணம் ஒதுக்குகிற ஸ்பான்சரே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட ஷெட்யூல் இது. ஏதோ ஒரு மீட்டிங்கில் பேச்சுவாக்கில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்து, இப்போது 36 நாளில் முடியவேண்டும் என்கிறார். சரி, தேதியை மாற்றும் உரிமை அவருக்கு இருக்கிறது, அதில் எனக்கு வழக்கில்லை. அதற்கடுத்து வருகிற பேச்சுதான் வயிற்றெரிச்சல். "எல்லாரும் ஆளுக்குக் கால்வாசி நாளைக் குறைச்சுக்குங்க, வேணும்னா ரெண்டு மூணு பேரைச் சேர்த்துக்குங்க, ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்ததை ஆரம்பிச்சிடுங்க." ஆளைச் சேர்த்து நாளைக் குறைக்கிற கிராஷிங், ஒன்று முடியுமுன்பே அடுத்ததைத் தொடங்குகிற ஃபாஸ்ட் டிராக்கிங் இரண்டையும் ஒரே மூச்சில் உத்தரவு போட்டாயிற்று. ஷெட்யூலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

எல்லாரும் குறைத்துக்கொள்ளுங்கள் என்பதே அபத்தம். எங்கள் திட்டத்தில் டிசைன் 10 நாள். அது முடிந்ததும் கோடிங் 20 நாள், அதே சமயம் பக்கத்தில் டேட்டா மைக்ரேஷன் 17 நாள். இரண்டும் முடிந்தால்தான் டெஸ்டிங், 12 நாள். கடைசியில் பயிற்சி 4 நாள். கோடிங் வழியாகப் போனால் 46, மைக்ரேஷன் வழியாகப் போனால் 43. முடிவு தேதியைத் தீர்மானிக்கிற அந்த நீளமான பாதைதான் கிரிட்டிக்கல் பாத். மைக்ரேஷனுக்கு 3 நாள் ஃப்ளோட் இருக்கிறது, அதாவது அது 3 நாள் தாமதமானாலும் முடிவு தேதி தள்ளிப்போகாது. இப்போது மைக்ரேஷன் ஆட்களை ராத்திரி பகலாக உட்காரவைத்து நாலு நாள் மிச்சம் பிடித்தாலும், கோடிங் அப்படியே இருக்கும்வரை முடிவு தேதி ஒரு நாள்கூட நகராது. அவர்களுடைய தூக்கம்தான் போகும். ஆனால் எல்லாருக்கும் சமமாக நெருக்கடி கொடுத்தால்தான் மேலே இருப்பவர்களுக்கு ஏதோ நடக்கிறது என்று மனசு ஆறுகிறது.

கிராஷிங் என்றால் கிரிட்டிக்கல் பாத்தில் இருக்கிற வேலைகளில், ஒரு நாள் குறைக்க எதற்கு ஆகக் குறைவாகச் செலவாகுமோ அதை முதலில் பிடிப்பது. ஒவ்வொரு நாளைக் குறைத்ததும் நின்று, பாதை மாறிவிட்டதா என்று மறுபடி பார்ப்பது. டூபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் 1950களின் கடைசியில் கிரிட்டிக்கல் பாத் முறையை உருவாக்கியபோதே இந்த நாள்-செலவுக் கணக்கு அதற்குள் இருந்தது. அறுபது வருஷத்துக்கும் மேலாக இருக்கிற விஷயத்தை ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்க்க இவர்களுக்கு நேரமில்லை!

நான் உட்கார்ந்து பார்த்தேன். கோடிங்கில் ஒரு நாள் குறைக்கக் கூடுதலாக 3 ஆள்-நாள், மைக்ரேஷனில் 4, டெஸ்டிங்கில் 5. டிசைனையும் பயிற்சியையும் தொடவே முடியாது. முதல் 3 நாளைக் கோடிங்கில் எடுத்தால் 9 ஆள்-நாள், திட்டம் 43 நாளுக்கு வந்துவிடும். அந்த இடத்தில் மைக்ரேஷன் பாதையும் கிரிட்டிக்கல் ஆகிவிடுகிறது. இதற்கு மேல் கோடிங்கை மட்டும் குறைத்துப் பயனில்லை, இரண்டையும் சேர்த்துக் குறைக்கவேண்டும், ஒரு நாளுக்கு 7. டெஸ்டிங் 5 என்பதால் அதில் 3 நாள் எடுத்தால் 15 ஆள்-நாள், திட்டம் 40 நாள். டெஸ்டிங் அதற்குக் கீழே போகாது. அப்புறம் வேறு வழியில்லை, கோடிங்கும் மைக்ரேஷனும் சேர்ந்து இன்னொரு 3 நாள், அதற்கு 21. மொத்தம் 45 ஆள்-நாள் கொட்டி 37 நாளுக்கு வந்து நிற்கிறோம். முதல் 3 நாளுக்கு 9, கடைசி 3 நாளுக்கு 21. இனி எத்தனை பேரைக் கொண்டுவந்து உட்காரவைத்தாலும் கோடிங் 14 நாளுக்குக் கீழே போகாது. 36 என்பது ஆளைச் சேர்த்து மட்டும் கிடைக்கிற எண் இல்லை.

ஏன் போகாது என்று கேட்பவர்களுக்கு: 4 பேர் 20 நாள் செய்கிற கோடிங் 80 ஆள்-நாள். 14 நாளில் முடிக்க 7 பேர் வேண்டும், அது 98 ஆள்-நாள். 80-ஐ 7-ஆல் வகுத்துவிட்டு பதினோரு, பன்னிரண்டு நாளில் முடியுமே என்று ஒருவர் என்னிடமே கேட்டார். புதிதாக வரும் மூன்று பேருக்கு யார் சொல்லிக்கொடுப்பது? ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் அந்த நாலு பேர்தான், தங்கள் வேலையை நிறுத்திவிட்டு. அந்த 18 ஆள்-நாள் அங்கேதான் போகிறது.

மிச்சமிருக்கிற ஒரு நாளுக்காகத்தான் ஃபாஸ்ட் டிராக்கிங் உள்ளே வருகிறது, எனக்கு உண்மையிலேயே பயம் தருவதும் இதுதான். டேபிள் அமைப்பு முடிவாகாமல் மைக்ரேஷனை ஆரம்பிக்கவே முடியாது, அது கட்டாயச் சார்பு, யார் கத்தினாலும் மாறாது. கோடிங்கை மட்டும், டிசைன் 7 நாள் முடிந்த நிலையிலேயே தொடங்கலாம். 3 நாள் மிச்சம். அப்படிச் செய்தால் கோடிங்கை 16 நாளுக்குக் குறைத்தாலே போதும், டெஸ்டிங் 9, மைக்ரேஷன் 13 என்று வைத்தால் காகிதத்தில் 36 நாள் வந்துவிடுகிறது. கூடுதல் செலவு 43 ஆள்-நாள்தான். 37 நாள் திட்டத்தைவிட ஒரு நாள் சீக்கிரம், 2 ஆள்-நாள் மலிவு! இதைக் காட்டினால் எந்த ஸ்பான்சர் வேண்டாம் என்பார்?

ஆனால் அந்த 43-க்குள் ரீவொர்க் இல்லை. அதை எந்தக் கட்டத்திலும் யாரும் எழுதவில்லை. முடிவாகாத டிசைனை வைத்து 6 பேர் 3 நாள் கோடு எழுதினால் அது 18 ஆள்-நாள் வேலை. கடைசி 3 நாளில் டிசைன் மாறி அதில் பாதியைத் திரும்ப எழுதவேண்டி வந்தால் 9 ஆள்-நாள், 6 பேருக்கும் ஒன்றரை நாள். செலவு 52 ஆகிவிட்டது, தேதி 37-ஐயும் தாண்டிவிட்டது. கிராஷிங்கையும் ஃபாஸ்ட் டிராக்கிங்கையும் ஒரே வேலையின் மேல் ஏற்றினால் இதுதான் நடக்கும், அரைகுறைத் தகவலை வைத்து வேலை செய்கிற கைகள் கூடும், கை கூடக்கூட அழித்து எழுதுவதும் கூடும்.

இதோடு போனாலும் பரவாயில்லை. அந்த 36 நாள் திட்டத்தில் இரண்டு பாதையும் கிரிட்டிக்கல், எங்கேயும் அரை நாள் ஃப்ளோட் கிடையாது. மைக்ரேஷன் ஆளுக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் முன்பு யாருக்கும் தெரியாமலே போயிருக்கும், இப்போது அது அப்படியே முடிவு தேதியில் விழும். வாரா வாரம் போகிற அறிக்கையோ பச்சையாகவே இருக்கும், ஏனென்றால் வேலைகள் சீக்கிரம் 'தொடங்கிவிட்டன'. சாயம் வெளுப்பது டெஸ்டிங்கின் முதல் சில நாட்களில். மூடிய பிழைகள் திரும்பத் திரும்பத் திறக்கும், தோண்டிப் பார்த்தால் பாதிக்குமேல் கோடு தப்பு இல்லை, பழைய டிசைன். அந்த டெஸ்டிங்கையும் 12 நாளிலிருந்து 9 ஆக்கி வைத்திருக்கிறோம். அப்போது மாட்டிக்கொள்வது யார்? டெஸ்டர்கள். "நீங்கதான் லேட் பண்றீங்க" என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்வார்கள், நான் கேட்டிருக்கிறேன், இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அதனால் நான் இப்போது ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புகிறேன். 40 நாள் வேண்டுமா, 24 ஆள்-நாள் கூடுதல். 37 வேண்டுமா, 45. 36தான் வேண்டுமா, 43-ஓடு ரீவொர்க் எவ்வளவு வந்தாலும் அதற்கும் சேர்த்து ஒப்புதல், தாமதமானால் அதன் பொறுப்பு ஸ்பான்சருடையது என்று எழுத்தில். இல்லையென்றால் எந்த வசதியைக் கழற்றிவிடலாம் என்று சொல்லுங்கள், கோடிங்கும் டெஸ்டிங்கும் தானாகக் குறையும். நாலில் ஒன்றுக்கு நேராகக் கையெழுத்து வரட்டும், அதுவரை என் ஷெட்யூலில் 46தான் இருக்கும்.