அறிவித்துவிட்டார், சரி. எழுந்து போனாரா?

இங்கே தென்னாப்பிரிக்காவில், நம் நகராட்சியின் போன வார மன்றக் கூட்டத்து வீடியோ எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றுகிறது, அதனால் பெயர் சொல்ல வேண்டியதில்லை. சாலையோரப் புல் வெட்டும் கான்ட்ராக்டை நீட்டிக்கும் பேச்சு வந்தது. நம் கவுன்சிலர் எழுந்து, கம்பெனி தன் மனைவியின் தம்பியுடையது என்றார். நல்லது. அப்புறம் உட்கார்ந்தார், பத்து நிமிடம் அந்தக் கம்பெனியைப் புகழ்ந்தார், கடைசியில் கையும் தூக்கினார்.

அதற்குக் கீழே நம்மவர்களின் கமென்ட்: "மறைக்காமல் சொன்னாரே, இன்னும் என்ன வேண்டும்?"

எழுந்து போக வேண்டும். அதுதான் வேண்டும். கவுன்சிலர்களுக்கான நடத்தை விதி இரண்டு வேலை சொல்கிறது: தொடர்பைச் சொல், அந்த விஷயம் பேசப்படும்போது வெளியேறு. அந்தத் தொடர்பு அற்பமானது அல்லது சம்பந்தமில்லாதது என்று மன்றமே முடிவு செய்தால் மட்டும் உட்காரலாம். அப்படி யாராவது முடிவு செய்ததை வீடியோவில் பார்த்தீர்களா? நான் மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன், இல்லை.

இதற்கும் ஒரு சட்டப்புலி பதில் வைத்திருக்கிறார். விதியில் மனைவி, துணைவர், தொழில் கூட்டாளி என்றுதானே இருக்கிறது, மச்சான் எங்கே என்கிறார். சரி, அந்த இடத்தில் மச்சான் இல்லை. ஒத்துக்கொள்கிறேன், அது ஓட்டைதான். நகராட்சிக் கொள்முதலுக்கான 2005 விதிகளிலும் இதே கதை: அரசு ஊழியருடைய கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோருக்கு 2,000 ராண்டுக்கு மேல் கான்ட்ராக்ட் கொடுத்தால் ஆண்டுக் கணக்கில் பெயரோடு காட்ட வேண்டும், ஆனால் அண்ணன் தம்பி, மச்சான் அந்தப் பட்டியலில் இல்லை. நம் குடும்பங்களில் தொழில் யார் பெயரில் நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் ஐயா, அதே நடத்தை விதியில் அடுத்ததாக ஒன்று இருக்கிறது, பதவியை வைத்துத் தனக்கோ மற்றவருக்கோ முறையற்ற ஆதாயம் தேடக்கூடாது என்று. அந்த "மற்றவருக்கோ" என்பதில் மச்சானும் வருவான். வசதியாக அதை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

"டெண்டரை அவர் தொடவே இல்லையே" என்பவர்களுக்கு: தொடவும் முடியாது. நகராட்சி நிதிச் சட்டத்தின் 117-ஆம் பிரிவுப்படி கவுன்சிலர் டெண்டர் குழுவில் இருக்கக்கூடாது, வேடிக்கை பார்க்கக்கூட உள்ளே போகக்கூடாது. ஆனால் கொடுத்து முடித்த கான்ட்ராக்டை மாற்றுவதென்றால், 116-ஆம் பிரிவுப்படி, அதற்கான காரணங்களை மன்றத்தில் வைக்க வேண்டும், ஊர்மக்களுக்கும் அறிவித்துக் கருத்துக் கேட்க வேண்டும். முன்வாசலில் அவரை நிறுத்திவிட்டோம், பின்வாசல் அவர் உட்கார்ந்திருக்கும் மன்றத்திலேயே திறக்கிறது. அதனால்தான் வெளியேறு என்கிறேன்.

நான் இப்படிக் குதிப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு நகராட்சியில் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்தவள் நான். வேலி போடும் டெண்டர் ஒன்றில் என் பெரியப்பா மகனும் விண்ணப்பித்திருந்தான். டெண்டர் போடுகிறவர் நிரப்பும் எம்.பி.டி. 4 படிவத்தில், மதிப்பீட்டில் இருப்பவர்களோடு உறவோ நட்போ உண்டா என்ற கேள்வி உண்டு. அவன் "இல்லை" என்று எழுதியிருந்தான். நான் குழுத் தலைவரிடம் எழுத்தில் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே வந்தேன். அந்த "இல்லை"யால் அவன் விண்ணப்பம் தள்ளுபடியானது. அந்த வருடம் தைப்பூசத்தில் காவடி எடுத்த அண்ணி என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ உள்ளே இருந்து என்ன பிரயோஜனம்" என்று பெரியம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. மாதச் சம்பளக்காரி வெளியே போனேன். மக்கள் ஓட்டில் வந்தவருக்கு நாற்காலி ஒட்டிக்கொண்டதா?

"புகார் கொடுக்க வேண்டியதுதானே" என்கிறீர்கள். யாரிடம்? முதலில் மன்ற ஸ்பீக்கரிடம். நியாயமான சந்தேகம் இருந்தால் விசாரிக்க வேண்டியது அவர், அவரும் அதே கட்சி. எச்சரிக்கை, கண்டனம், அபராதம் என்று தண்டிப்பது மன்றம், அங்கே பெரும்பான்மையும் அதே கட்சி. இடைநீக்கமோ பதவி நீக்கமோ மாகாண அமைச்சர்தான் செய்ய வேண்டும், அவர் எந்தக் கட்சி என்று நான் சொல்ல வேண்டாம். பெரிய இடத்திலும் இதுதானே நடந்தது. அரசுப் பணத்தில் தன் ங்காண்ட்லா வீட்டைப் பெருக்கிய விவகாரத்தில் அன்றைய அதிபர் ஜேக்கப் சுமா நெறிமுறையை மீறினார் என்று, அரசு முறைகேடுகளை விசாரிக்கும் மக்கள் பாதுகாவலர் 2014-இல் அறிக்கை கொடுத்தும் நாடாளுமன்றம் அவரைக் காப்பாற்றியது. 2016 மார்ச்சில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த அறிக்கைக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்று சொன்ன பிறகுதான் சுமா 78 லட்சம் ராண்டைத் திருப்பிக் கட்டினார்.

"நம்ம ஆளை நாமே காட்டிக் கொடுக்கலாமா?" என்று எழுதிய அந்த அண்ணனுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. சொன்னால் மரியாதை கெடும். புல் வெட்டும் காசு அவர் வீட்டு வரியிலிருந்தும் போகிறது.

ஸ்பீக்கருக்குக் கடிதம் போட்டாயிற்று, கூட்டக் குறிப்பின் நகலும் கேட்டிருக்கிறேன். "அற்பமானது" என்ற முடிவு அதில் பின்தேதியிட்டு முளைத்திருந்தால் வீடியோவோடு வைத்துப் பார்ப்பேன். பதில் வராவிட்டால் மக்கள் பாதுகாவலரிடம் போவேன், சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், நேரம் இருக்கிறது. கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள். புத்தி சொல்ல வருகிறவர்கள் முதலில் வீடியோவை முழுசாகப் பாருங்கள்.